நெஃப்ட் 24 மணி நேரமும் ஓடுகிறது, அப்புறம் சனிக்கிழமை போட்ட பணம் ஏன் திங்கட்கிழமை ஏறுகிறது?

கேள்வி: "திருப்பூரில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். போன இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் 6.40க்கு நூல் வியாபாரிக்கு 6,40,000 ரூபாய் கரண்ட் அக்கவுண்ட்டிலிருந்து நெஃப்ட் போட்டேன். என் கணக்கில் உடனே கழிந்துவிட்டது. அவருக்கு திங்கட்கிழமை காலை 11 மணிக்கு மேல்தான் ஏறியது. அன்றைக்கே யூபிஐயில் வேறொருவருக்கு அனுப்பிய 20,000 மட்டும் நொடியில் போனது. நெஃப்ட் லீவு நாளிலும் ஓடும் என்கிறார்களே, பிறகு ஏன் இப்படி? நெஃப்ட், ஆர்டிஜிஎஸ், ஐஎம்பிஎஸ் மூன்றுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? கட் ஆஃப் டைம் எது?"

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும், இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். உங்கள் கணக்கில் கழிவது, வியாபாரி கணக்கில் ஏறுவது, இரண்டு வங்கிகளும் தங்களுக்குள் பணத்தைத் தீர்த்துக்கொள்வது, இவை மூன்றும் தனித்தனி வேலைகள். கடைசி வேலையைத்தான் செட்டில்மென்ட் என்கிறார்கள். அது ரிசர்வ் வங்கியின் புத்தகத்தில் நடக்கிறது, ஏனென்றால் எல்லா பெரிய வங்கிகளுக்கும் அங்கே ஒரு கணக்கு உண்டு. உங்கள் வங்கியின் கணக்கில் கழித்து அவர் வங்கியின் கணக்கில் ஏற்றினால் முடிந்தது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ், ஐஎம்பிஎஸ் மூன்றும் வேறுபடுவது இந்த மூன்று வேலைகளும் எந்த வரிசையில் நடக்கின்றன என்பதில்தான். வேகம், உச்சவரம்பு எல்லாம் அதிலிருந்து பிறப்பவை.

நெஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். இது தனித்தனியாகப் போவதில்லை, அரை மணி நேரத்துக்கு ஒரு தொகுதியாகப் போகிறது. ஒரு நாளைக்கு 48 தொகுதிகள். முதலாவது இரவு 12.30க்கு, கடைசி அடுத்த நள்ளிரவு 12க்கு. நீங்கள் 6.40க்குப் போட்டது ஒழுங்காகப் போயிருந்தால் 7 மணித் தொகுதியில் சேர்ந்திருக்கும். அந்தத் தொகுதியில் நாடு முழுக்க எல்லா வங்கிகளும் ஒன்றுக்கொன்று அனுப்பிய லட்சக்கணக்கான பரிமாற்றங்கள் இருக்கும், அதையெல்லாம் கூட்டிக் கழித்து, ஒவ்வொரு வங்கியும் மொத்தத்தில் எவ்வளவு தர வேண்டும் அல்லது பெற வேண்டும் என்ற ஒரே ஒரு தொகையை எடுக்கிறார்கள். 'அ' வங்கி வாடிக்கையாளர்கள் 'ஆ' வங்கிக்கு 100 கோடி அனுப்பியிருக்கிறார்கள், அங்கிருந்து இங்கே 92 கோடி வந்திருக்கிறது என்றால் ரிசர்வ் வங்கியில் கைமாறுவது 8 கோடி மட்டும். வங்கிக்கு இது ரொம்ப வசதி, 100 கோடியைக் கையில் வைத்திருக்கத் தேவையில்லை. இந்தத் தீர்வு முடிந்த பிறகுதான் உங்கள் வியாபாரியின் வங்கி அவர் கணக்கில் ஏற்றும். அதற்கு அந்த வங்கிக்கு ரிசர்வ் வங்கி கொடுத்திருக்கும் அவகாசம், தொகுதி தீர்ந்ததிலிருந்து 2 மணி நேரம். ஆக 7 மணித் தொகுதி என்றால் இரவு 9 மணிக்குள் ஏற்ற வேண்டும், அல்லது ஏற்ற முடியாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும்.

இந்த 9 மணி என்ற கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இதற்குத் திரும்ப வருவோம்.

ஆர்டிஜிஎஸ்ஸில் கூட்டல் கழித்தலே கிடையாது. ஒவ்வொரு பரிமாற்றமும் தனியாக, முழுத் தொகையாக, அப்போதே ரிசர்வ் வங்கியில் தீர்கிறது. 6,40,000 என்றால் உங்கள் வங்கியின் ரிசர்வ் வங்கிக் கணக்கிலிருந்து அந்த 6,40,000 முழுசாகக் கழிந்து அவர் வங்கிக்குப் போகும். பணம் இல்லாவிட்டால் வரிசையில் நிற்கும். அதனால்தான் இதைச் சின்னத் தொகைக்குத் திறந்துவிடவில்லை, குறைந்தது 2 லட்சம் என்று வைத்திருக்கிறார்கள். மேல் வரம்பு ரிசர்வ் வங்கி வைக்கவில்லை, உங்கள் வங்கி ஆன்லைனுக்கென்று ஒன்று வைத்திருக்கும். தீர்ந்த நொடியில் அது இறுதியானது, யாரும் பின்னால் இழுக்க முடியாது. வந்து சேர்ந்த 30 நிமிடத்துக்குள் பெறுநர் கணக்கில் ஏற்ற வேண்டும். கணக்கு எண் தப்பு, கணக்கு முடக்கம் மாதிரிக் காரணத்தால் ஏற்ற முடியவில்லை என்றால் ஒரு மணி நேரத்துக்குள், அல்லது அன்றைய ஆர்டிஜிஎஸ் நாள் முடிவதற்குள், எது முதலில் வருகிறதோ அதற்குள் திருப்ப வேண்டும். நிலம் பதிவு செய்யும்போது சார் பதிவாளர் அலுவலகத்து வாசலில் விற்பவர் "ஆர்டிஜிஎஸ் பண்ணிடுங்க" என்று சொல்வதற்குக் காரணம் இந்த இறுதித்தன்மைதான்.

ஐஎம்பிஎஸ், அதன் மேல் 2016இல் கட்டிய யூபிஐ இரண்டிலும் வரிசை தலைகீழ். பெறுநருக்கு முதலில் ஏறிவிடுகிறது, வங்கிகள் பிறகு தீர்த்துக்கொள்கின்றன. நீங்கள் 20,000 அனுப்பியதும் இந்த இரண்டு பாதைகளையும் நடத்தும் என்பிசிஐ நிறுவனம் வழியாக ஒரு செய்தி போகிறது, அந்த வங்கி "ஏற்றிவிட்டேன்" என்று பதில் சொல்கிறது, இரண்டு பேருக்கும் எஸ்எம்எஸ் வந்துவிடுகிறது. ஆனால் அந்த நொடியில் அந்த வங்கியின் கைக்கு உங்கள் வங்கியிடமிருந்து ஒரு பைசா வரவில்லை. நம்பிக்கையின் பேரில் தன் காசைத் தன் வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். நாளில் சில சுற்றுகளாக என்பிசிஐ எல்லாருடைய நிகரத் தொகையையும் கணக்கிட்டு ஆர்டிஜிஎஸ் வழியாகத் தீர்க்கிறது. இடையில் ஒரு வங்கி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்ற பயம் இருப்பதால்தான் ஒவ்வொரு வங்கிக்கும் நிகரக் கடன் வரம்பு, உத்தரவாத நிதி எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஒரு பரிமாற்றத்துக்கு ஐஎம்பிஎஸ்ஸில் 5 லட்சம், யூபிஐயில் சாதாரணமாக 1 லட்சம் என்று மூடி போட்டிருப்பதற்கும் இந்த வரிசைக்கும் தொடர்பு உண்டு. உங்கள் 6,40,000 ஐஎம்பிஎஸ்ஸில் ஒரே தடவையாகப் போகாததும் அதனால்தான்.

இப்போது வார இறுதி. இதில் நிறையப் பேர் பழைய கதையையும் புதிய கதையையும் கலந்துவிடுகிறார்கள். 2019 வரை நெஃப்ட் வேலை நாளில் காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரைதான். இரண்டாவது, நான்காவது சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை எல்லாம் மூடல். அந்தச் சனிக்கிழமைகளுக்கு முந்தைய வெள்ளி இரவு போட்டால் திங்கள் காலை என்பது அப்போது விதி, யாரையும் குறை சொல்ல முடியாது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் வருடம் முழுக்க 24 மணி நேரம் ஆனது. ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதல். அதுவும் நள்ளிரவையொட்டி நாள் கணக்கை முடித்துப் புது நாளைத் திறக்கும் சிறு இடைவெளி தவிர எப்போதும் ஓடுகிறது.

ஆர்டிஜிஎஸ் 24 மணி நேரம் ஆனதில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு விளைவு உண்டு. யூபிஐ, ஐஎம்பிஎஸ், ஏடிஎம், ரூபே, ஃபாஸ்டேக் இத்தனைக்கும் கடைசியில் வங்கிகளுக்கிடையே தீர்வு ஆர்டிஜிஎஸ்ஸில் நடக்க வேண்டும். அது வார இறுதியில் மூடிக் கிடந்த காலத்தில் வேலை நாட்களில் மட்டும்தான் தீர்வு. ஆனால் மக்கள் சனி, ஞாயிறில் அனுப்புவதை நிறுத்தவில்லையே. வங்கிகள் ஒன்றுக்கொன்று நம்பிக்கையில் கொடுத்த தொகை திங்கட்கிழமை வரை மலையாகக் குவியும், நீண்ட விடுமுறை வந்தால் இன்னும் அதிகம். உங்களுக்கும் எனக்கும் இது கண்ணுக்கே தெரிந்திருக்காது, ஏனென்றால் நமக்கு நொடியில் ஏறிவிட்டது. காத்திருந்தது வங்கிகள். இப்போது எல்லா நாளும் தீர்வு நடப்பதால் அந்தக் குவியல் இல்லை.

சரி, இவ்வளவும் திறந்திருக்கும்போது உங்கள் பணம் ஏன் திங்கள் 11 மணி? திறந்திருப்பது நடுவில் இருக்கும் பாதை மட்டும். பாதையின் இரண்டு முனையிலும் இருப்பது வங்கியின் சொந்த ஏற்பாடு. 2019 டிசம்பரில் நெஃப்ட்டை 24 மணி நேரமாக்கிய அறிவிப்பிலேயே ரிசர்வ் வங்கி ஒரு வரி எழுதியிருக்கிறது: வழக்கமான வங்கி நேரத்துக்குப் பிந்தைய பரிமாற்றங்கள், ஆள் கை படாமல் தானாகவே முழுசாகப் போகும் முறையில் இருக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அதாவது கை படாமல் போவது சனி இரவும் போகும். எங்கேயாவது ஒரு மனிதன் பார்த்து பட்டனைத் தட்ட வேண்டியிருந்தால் அந்த மனிதன் வேலைக்கு வரும்வரை நிற்கும். தாமதத்தின் முக்கால்வாசிக் கதை இந்த ஒரு வரியில் இருக்கிறது.

கை படும் இடங்கள் எவை? மிக வெளிப்படையானது கிளை. சலான் எழுதி கவுண்டரில் கொடுத்தால் அது கிளை நேரத்துக்குக் கட்டுப்பட்டது. அந்த நேரம் ரிசர்வ் வங்கி வைத்ததில்லை, ஒவ்வொரு வங்கியும் தானே வைப்பது, பல இடங்களில் வாடிக்கையாளர் நேரம் முடிவதற்கும் முன்பே ஆர்டிஜிஎஸ் சலான் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். பொங்கலை ஒட்டி தமிழ்நாட்டில் கிளைகள் தொடர்ந்து மூடியிருக்கும் நாட்களில் நெஃப்ட் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் உங்கள் சலான் மேனேஜர் மேசை டிராயரில்தான் கிடக்கும்.

இன்னொரு இடம் கரண்ட் அக்கவுண்ட்டுக்கே உரியது. கம்பெனி நெட் பேங்கிங்கில் ஒருவர் பதிவார், இன்னொருவர் ஒப்புதல் தருவார். கணக்குப்பிள்ளை சனி மாலை பதிந்துவிட்டு வீட்டுக்குப் போவார், முதலாளி திங்கள் காலை போனைப் பார்த்து ஒப்புதல் தருவார், பிறகு "வங்கி லேட் பண்ணிட்டாங்க" என்று வங்கியைத் திட்டுவார். சம்பளப் பட்டியலை ஒரே கோப்பாக ஏற்றும்போதும் இதேதான். கோப்பாக ஏற்றுவதற்கு சில வங்கிகள் தனிக் கட் ஆஃப் வைத்திருக்கின்றன, அதைத் தாண்டினால் அடுத்த வேலை நாள் தேதி தானாக விழும். பதியும் திரையில் அந்தத் தேதி சின்ன எழுத்தில் வரும், பார்க்காமல் ஓகே அடித்துவிடுவோம். ஆனால் உங்கள் விஷயத்தில் கணக்கில் உடனே கழிந்துவிட்டதால் ஒப்புதல் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன், ஒப்புதலுக்கு நிற்கும் பரிமாற்றத்துக்குப் பொதுவாகப் பணம் கழியாது.

கழிந்தும் போகவில்லை என்றால் மிச்சம் இரண்டு சாத்தியம். ஒன்று, உங்கள் வங்கி பணத்தைக் கழித்துத் தன் உள் கணக்கு ஒன்றில் வைத்துக்கொண்டு தொகுதியில் சேர்க்கவில்லை. புதிதாகச் சேர்த்த பெறுநர், வழக்கத்தைவிடப் பெரிய தொகை, விடுமுறை நாள் மாலை, இதெல்லாம் சேர்ந்தால் மோசடித் தடுப்பு மென்பொருள் கொடி காட்டும், யாராவது பார்த்து விடுவிக்கும் வரை நிற்கும். இன்னொன்று, உங்கள் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் போய்விட்டது, அவர் வங்கிதான் ஏற்றவில்லை. சிறிய கூட்டுறவு வங்கிகளில் இது நடக்கும். பலவற்றுக்கு நெஃப்ட்டில் நேரடி உறுப்பினர் தகுதி கிடையாது, ஒரு பெரிய வங்கியின் தோளில் ஏறித்தான் வருகின்றன. பணம் அந்தப் பெரிய வங்கிக்கு வந்து, அங்கிருந்து கூட்டுறவு வங்கிக்குப் பட்டியலாகப் போய், அங்கே ஒருவர் அதைத் தன் மென்பொருளில் ஏற்ற வேண்டும் என்றால் ஞாயிறு அன்று யார் உட்கார்ந்திருப்பார்? உங்கள் வியாபாரியின் ஐஎஃப்எஸ்சி கோடைப் பாருங்கள். முதல் நான்கு எழுத்து அவர் சொல்லும் வங்கியுடையதாக இல்லாமல் வேறு வங்கியுடையதாக இருந்தால் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான்.

இந்த இரண்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யூடிஆர் எண்ணை வைத்து. பரிமாற்றம் உண்மையில் பாதையில் ஏறியதற்கான அடையாளம் அது. ஆர்டிஜிஎஸ்ஸில் இது 22 எழுத்து, அமைப்பு வெளிப்படையானது:

```
ABCD R 1 20260117 00001234
```

இடைவெளி நான் விட்டது, உண்மையில் சேர்ந்தே இருக்கும். முதல் நான்கு எழுத்து அனுப்பிய வங்கி, R என்றால் ஆர்டிஜிஎஸ், அடுத்த ஒற்றை எழுத்து எந்த வழியாக வந்தது என்பதற்கு, பிறகு வருடம் மாதம் தேதி, கடைசியில் வரிசை எண். நெஃப்ட் எண்ணின் அமைப்பு வங்கிக்கு வங்கி கொஞ்சம் மாறும், ஆனால் பெரும்பாலும் அனுப்பிய வங்கியின் எழுத்தில் தொடங்கும். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் சனிக்கிழமை கழிந்த வரியில் யூடிஆர் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வங்கியின் உள் குறிப்பு எண் மட்டும் இருந்து யூடிஆர் இல்லாவிட்டால் உங்கள் வங்கியிலேயே நின்றிருக்கிறது. யூடிஆர் இருந்தால் உங்கள் கிளையில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இந்த யூடிஆர் எந்தத் தேதி, எந்தத் தொகுதியில் தீர்ந்தது?" நெஃப்ட் பதிவேட்டில் அது அவர்களுக்குத் தெரியும். "சர்வர் ப்ராப்ளம் சார்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

சனி இரவு 7 மணித் தொகுதி என்று பதில் வந்தால், நான் மேலே சொன்ன 9 மணிக் கணக்கு இப்போது உதவும். அவர் வங்கி 9 மணிக்குள் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றாமல் திங்கள் 11 மணிக்கு ஏற்றினால் ஏறத்தாழ 38 மணி நேரத் தாமதம், அதற்கு அந்த வங்கி தண்ட வட்டி தர வேண்டும்: ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதத்துக்கு மேல் 2 சதவீதம், தாமத காலத்துக்கு. ரெப்போ 5.5 என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் 7.5 சதவீதம், 6,40,000க்கு வருடம் 48,000, நாளைக்கு 131 ரூபாய் சொச்சம். பெரிய தொகை இல்லைதான், ஆனால் வாடிக்கையாளர் கேட்டால்தான் தருவோம் என்று வங்கி சொல்ல முடியாது, கேட்காமலே வரவு வைக்க வேண்டும் என்பதுதான் விதி. பெறுபவர் உங்கள் வியாபாரி என்பதால் அவர்தான் தன் வங்கியில் கேட்க வேண்டும்.

ஐஎம்பிஎஸ், யூபிஐயில் பிரச்சினை வேறு மாதிரி வரும். அங்கே தாமதம் என்பதே கிடையாது, ஒன்று போகும் அல்லது நடுவில் தொங்கும். உங்களுக்குக் கழிந்து அவருக்கு ஏறவில்லை என்றால், பதில் செய்தி வழியில் தொலைந்திருக்கிறது என்று அர்த்தம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்கு வைத்த கெடு, பரிமாற்ற நாளுக்கு மறுநாள். அதற்குள் தீர்க்காவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இதில் நாள் என்பது காலண்டர் நாள் என்று அந்தச் சுற்றறிக்கையிலேயே எழுதியிருக்கிறது, ஆக சனிக்கிழமை தொங்கினால் ஞாயிறுதான் கெடு. "மூணு வேலை நாள் ஆகும்" என்று கால் சென்டரில் சொன்னால் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள், தொங்கிக்கொண்டிருக்கும்போது இன்னொரு தடவை அனுப்பாதீர்கள். முதலாவதும் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்த இரட்டைத் தொகையை வங்கி திருப்பாது, வியாபாரியைக் கெஞ்சித்தான் வாங்க வேண்டும்.

அடுத்த தடவை சனி மாலை இதே 6,40,000 அனுப்ப வேண்டுமென்றால் என்ன செய்யலாம்? நானாக இருந்தால் ஆன்லைன் ஆர்டிஜிஎஸ்தான். 2 லட்சத்துக்கு மேல் என்பதால் தகுதி உண்டு, தொகுதிக்குக் காத்திருக்க வேண்டாம், 30 நிமிடக் கெடு இருப்பதால் பெறும் வங்கிக்கும் சாக்குக் குறைவு. கட்டணம் 5 லட்சத்துக்கு மேல் அதிகபட்சம் 49.50, வரி தனி. உங்கள் வங்கி விடுமுறையில் கரண்ட் அக்கவுண்ட்டுக்கு ஆர்டிஜிஎஸ் திறந்து வைக்கவில்லை என்றால் ஐஎம்பிஎஸ்ஸில் 5 லட்சமும் 1,40,000உம் இரண்டாகப் போடலாம், உங்கள் தினசரி வரம்பு அதற்கு இடம் கொடுத்தால். புதுப் பெறுநர் என்றால் வெள்ளிக்கிழமைக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் புதிதாகச் சேர்த்ததும் முதல் சில மணி நேரங்களுக்கோ ஒரு நாளுக்கோ பல வங்கிகள் தொகையைக் கட்டுப்படுத்துகின்றன. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டும் பெறுநர் பெயரைப் பார்ப்பதில்லை, கணக்கு எண்ணை மட்டும் வைத்துத்தான் ஏற்றுகின்றன. அனுப்பும் முன் கணக்கு எண்ணுக்குரிய பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, திரையில் அந்தப் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அவருடைய கணக்கு கூட்டுறவு வங்கியில்தான் என்றால் நீங்கள் எந்த வழியில் அனுப்பினாலும் கடைசி அடி அவர்கள் கையில். ஐஎம்பிஎஸ் மட்டும் கொஞ்சம் வேறு, அந்த வங்கியின் மென்பொருள் அந்த நொடியில் நேரடியாகப் பதில் சொன்னால்தான் பரிமாற்றமே வெற்றி ஆகும். அதனால் ஒரு ரூபாய் ஐஎம்பிஎஸ் போட்டுப் பார்த்தால் அவர் வங்கி ஞாயிற்றுக்கிழமை விழித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஐஎம்பிஎஸ்ஸே இல்லாத வங்கி என்றால் பெரிய தொகையை வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் தள்ளாதீர்கள்.

இதே வார இறுதித் தாமதம் இன்னும் ஓரிரண்டு இடத்தில் வேறு காரணத்துக்காக வரும், நெஃப்ட்டோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கடையில் கார்டு தேய்த்து வாங்கிய பணமும், பேமென்ட் கேட்வே வழியாக வந்த பணமும் முதலில் இடையில் இருக்கும் நிறுவனத்தின் கணக்குக்குப் போகும், அவர்கள் உங்களோடு போட்ட ஒப்பந்தப்படி அடுத்த வேலை நாளோ அதற்கடுத்த வேலை நாளோ அனுப்புவார்கள். சனிக்கிழமை தேய்த்தது திங்களோ செவ்வாயோ வருவது அந்த ஒப்பந்தத்தால், ஸ்பீக்கர் பெட்டி "பெறப்பட்டது" என்று கத்தினாலும் சரி. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வங்கி வழியாக வெளிநாட்டுப் பணமாக வருவதும் திங்கட்கிழமைக்குக் காத்திருப்பது சகஜம், சனி, ஞாயிறில் டாலர் ரூபாய்ச் சந்தை மூடியிருக்கும், எந்த விலைக்கு மாற்றுவது என்றே தெரியாது.

கடைசியாக, பாதைகள் லீவு நாளிலும் திறந்ததில் உங்களுக்கு எதிராக வேலை செய்யும் விஷயம் ஒன்று இருக்கிறது. இஎம்ஐ, எஸ்ஐபி மாதிரித் தானாகப் பிடிக்கும் பணமெல்லாம் போகும் என்ஏசிஎச் 2021 ஆகஸ்ட் 1 முதல் எல்லா நாளும் ஓடுகிறது. முன்பெல்லாம் 5ஆம் தேதி ஞாயிறு என்றால் திங்கட்கிழமைதான் பிடிப்பார்கள், ஒரு நாள் அவகாசம் கிடைக்கும். இப்போது ஞாயிறு காலையிலேயே பிடித்துவிடலாம். மெஷின் லோன் தவணைத் தேதி ஞாயிற்றுக்கிழமை விழுகிறது, உங்களுக்கு வர வேண்டிய பணத்தை ஒரு பார்ட்டி சனி மாலை நெஃப்ட் போடுகிறேன் என்கிறார் என்றால், அதை நம்பி இருக்காமல் வெள்ளிக்கிழமையே வேறு கணக்கிலிருந்து எடுத்து தவணை பிடிக்கும் கணக்கில் போட்டு வையுங்கள். ஞாயிறு திரும்பிப் போனால் உங்கள் வங்கியும் கடன் கொடுத்தவரும் தனித்தனியாக பவுன்ஸ் கட்டணம் போடுவார்கள், திங்கள் 11 மணிக்குப் பணம் ஏறி ஒரு பிரயோஜனமும் இல்லை.